எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் பூச்சி மருந்து வேண்டாம்: நுவரெலியாவில் புதிதாகக் குதிரை வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

கிரகரி வாவிக்கரையில் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரையாக இருக்கலாம், பந்தயத் திடலை ஒட்டிய இலாயத்தில் கட்டியிருக்கும் குதிரையாக இருக்கலாம். புதிதாக வாங்கியவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எல்லாத்துக்கும் பூச்சி மருந்து குடுத்துடுங்க." அதைச் சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த இரண்டு மாதக் கணக்கு வேறொரு புழுவுக்காகப் போடப்பட்டது.

1966இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ட்ரட்ஜ், லயன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்கும் முறையை முன்வைத்தார்கள். அந்தக் காலத்தில் குதிரைகளைக் கொன்றுகொண்டிருந்தது ஸ்ட்ரொங்கைலஸ் வல்காரிஸ் என்ற பெரிய சிவப்புப் புழு. அதன் குடம்பிகள் குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகளுக்குள் ஏறி அடைப்பை உண்டாக்கும். குதிரை வயிற்றுவலியில் புரண்டு செத்துப்போகும். அந்தப் புழு குதிரைக்குள் முதிர்ந்து முட்டையிட ஆறு மாதம் பிடிக்கும் என்பதால், எட்டு வாரத்துக்கு ஒருமுறை அடித்தால் முட்டையிடும் வயதுக்கே அது வராது. திட்டம் பலித்தது. ஒழுங்காக மருந்து கொடுத்த பண்ணைகளில் பெரிய புழு அரிதாகிவிட்டது. அதன் இடத்தைச் சிறிய சிவப்புப் புழு பிடித்துக்கொண்டது. சிறு ஸ்ட்ரொங்கைல், சயத்தொஸ்டோமின் என்பன இதன் மற்றப் பெயர்கள். ஐம்பதுக்குக் கிட்டிய இனங்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு. மேயும் குதிரை எதுவானாலும் அதன் வயிற்றில் இவற்றில் சில இருக்கும்.

ஆகவே இந்தக் கட்டுரையின் நோக்கம் புழுவே இல்லாத குதிரையை உருவாக்குவதல்ல. அது நடக்காத காரியம். எந்தக் குதிரைக்கு மருந்து வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சாணியைப் பார்த்துத் தீர்மானிப்பது எப்படி, கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று அறிவது எப்படி என்பதே இங்கு சொல்லப்படுகிறது.

குடற்சுவருக்குள் பதுங்கும் குடம்பி

வளர்ந்த புழு தலைமயிர் போல மெல்லியது, ஒரு சென்ரிமீற்றருக்கு முன்னே பின்னே நீளம். குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் இருந்து முட்டையிடும். முட்டை சாணியோடு வெளியே வந்து, பொரித்து, இரண்டு தடவை தோலுரித்து மூன்றாம் நிலைக் குடம்பியாகும். இந்த மூன்றாம் நிலைதான் குதிரைக்குத் தொற்றும். அது பழைய தோலைக் கழற்றாமல் ஒரு சட்டை போலப் போர்த்தியிருப்பதால் எதையும் தின்ன முடியாது. உடம்பில் சேமித்து வைத்திருப்பதைக் கரைத்துத்தான் உயிர் வாழும்.

நம் ஊர்க் காலநிலை அதற்கு வாய்ப்பானது. தாழ்நிலத்து வெயிலில் முட்டை நாலைந்து நாளில் குடம்பியாகிவிடும். ஆனால் அதே வெயில் அதன் சேமிப்பைச் சீக்கிரம் தீர்த்துவிடுவதால் சில வாரங்களில் செத்தும் போகும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகை வெப்பத்தில், வருடத்தின் பெரும்பகுதி ஈரமாகக் கிடக்கும் நுவரெலியாப் புல்லில் வளர்ச்சி ஓரிரு வாரம் இழுக்கும். ஆனால் வளர்ந்த குடம்பி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஜனவரி, பெப்ரவரிப் பனி புல்லைக் கருக்கினாலும் குடம்பியைக் கொல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம். உறைபனியைத் தாங்கக்கூடிய நிலை அது.

புல்லோடு உள்ளே போன குடம்பி நேராகப் பெருங்குடலின் உட்சுவருக்குள் புகுந்து, தன்னைச் சுற்றி உறை அமைத்துக்கொள்ளும். சில குடம்பிகள் அங்கேயே வளர்ந்து ஐந்தாறு வாரத்தில் வெளியே வந்து முட்டையிடத் தொடங்கும். மற்றவை வளர்ச்சியை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில், சிலவேளை இரண்டு வருடத்துக்கு மேலும், அப்படியே தூங்கும். ஒரு குதிரையிலுள்ள மொத்தச் சிறு ஸ்ட்ரொங்கைல்களில் பத்தில் ஒன்பது பங்கு வரை இப்படிச் சுவருக்குள் இருக்கக்கூடும். இறந்த குதிரையின் பெருங்குடலை அறுத்து விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரிவது இவைதான்.

இதிலிருந்து இரண்டு விடயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, சுவருக்குள் இருப்பவை முட்டையிடுவதில்லை. சாணியில் முட்டை இல்லை என்பதால் வயிற்றில் புழு இல்லை என்று ஆகாது. இரண்டாவது, வழக்கமான அளவில் கொடுக்கும் பெரும்பாலான மருந்துகள் உறைக்குள் போய்ச் சேருவதில்லை. ஐவர்மெக்டின் வளர்ந்த புழுவைச் சுத்தமாக அகற்றும். சுவருக்குள் இருப்பவற்றை அது அநேகமாகத் தொடாது. மொக்சிடெக்டின்தான் அவற்றைக் கணிசமாகக் கொல்லும், அதுகூட முழுமையாக அல்ல. பென்பெண்டசோலை ஐந்து நாள் தொடர்ந்து கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அந்த மருந்துக்கு எதிர்ப்பு உலகெங்கும் பரவிவிட்டதால் இன்று அதை நம்புவது கடினம்.

மருந்து எதிர்ப்பு எப்படி வளர்கிறது

"மருந்துக்குக் குதிரை பழகிவிட்டது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். குதிரைக்கு அதில் ஒன்றும் இல்லை, மாறுவது புழுவின் கூட்டம். ஆயிரக்கணக்கான புழுக்களில் ஏதோ ஒருசில, பிறப்பிலேயே அந்த மருந்தைத் தாங்கும் தன்மையோடு இருக்கும். மருந்து கொடுத்த அன்று மற்றவை செத்துவிட, இந்தச் சில மட்டும் மிஞ்சும். அடுத்த சில வாரங்களுக்குச் சாணியில் வரும் முட்டையெல்லாம் இவற்றின் முட்டைதான்.

அந்த முட்டைகள் எங்கே போய் விழுகின்றன என்பதில்தான் விடயம் இருக்கிறது. புல்தரையில் மருந்தையே காணாத கோடிக்கணக்கான சாதாரணக் குடம்பிகள் இருந்தால், தாங்கும் புழுவின் வாரிசுகள் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். மருந்து படாத இந்தக் கூட்டம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: புல்தரையிலுள்ள குடம்பிகள், மருந்து கொடுக்காத குதிரைகளின் வயிற்றுப் புழுக்கள், மருந்து எட்டாமல் சுவருக்குள் தூங்குபவை. இலாயத்தில் இருக்கும் எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்கும்போது இரண்டாவதை முழுதாக அழித்துவிடுகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்தால், காலப்போக்கில் புல்தரையில் விழும் முட்டைகளும் பெரும்பாலும் தப்பியவற்றின் முட்டைகளாகவே ஆகிவிடும். மொக்சிடெக்டின் சுவருக்குள்ளும் கொல்வதால் அதை எல்லோருக்கும் அடிக்கடி கொடுப்பது மூன்றாவது கூட்டத்தையும் குறைக்கிறது. அதனால்தான் இந்த மருந்தைத் தேவைக்கு மட்டும் எடுக்க வேண்டும்.

பாதிப்பு புழுவின் பக்கம் மட்டுமென்றால் பரவாயில்லை. குதிரைக்குக் கொடுக்க நம்மிடம் உள்ளவை மூன்றே மருந்துக் குடும்பங்கள். பென்பெண்டசோல் முதலானவை ஒன்று, பைரன்டெல் ஒன்று, ஐவர்மெக்டினும் மொக்சிடெக்டினும் சேர்ந்து ஒன்று. பெட்டியும் பெயரும் வேறாக இருந்தாலும் கடைசி இரண்டும் ஒரே குடும்பம் என்பதைக் கவனியுங்கள். "இந்த முறை அது, அடுத்த முறை இது" என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது எதிர்ப்பைத் தடுக்காது. ஒன்றுக்கு மேற்பட்டவற்றைத் தாங்கும் புழுவை அது தயாரிக்கும். முதல் குடும்பத்துக்கு எதிர்ப்பு 1960களிலேயே தென்பட்டது. ஒருமுறை வந்த எதிர்ப்பு, மருந்தை வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் பின்வாங்குவதில்லை.

எல்லாக் குதிரைக்கும் கொடுக்கத் தேவையில்லாததற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. ஒரே தரையில் மேயும் வளர்ந்த குதிரைகளில் சுமார் ஐந்தில் ஒன்று, மொத்த முட்டையில் ஐந்தில் நான்கு பங்கைக் கொட்டும். மற்றவை உடல் எதிர்ப்பால் புழுவை அடக்கி வைத்திருக்கும். பெரும்பாலும் இது வருடா வருடம் அதே குதிரைகள்தான். யார் அந்த ஐந்தில் ஒன்று என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மினுமினுக்கும் தோலோடு கொழுத்து நிற்கும் குதிரையே தரைக்கு அதிக முட்டை போடுவதாக இருக்கலாம். சாணியைத்தான் எண்ண வேண்டும்.

முதல் படி: சாணி எடுத்தல்

முன்பு கொடுத்த மருந்தின் வேகம் அடங்கிய பிறகுதான் சாணி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாக் குதிரையும் நல்ல குதிரையாகவே தெரியும். பென்பெண்டசோல் அல்லது பைரன்டெல் கொடுத்திருந்தால் 9 வாரம், ஐவர்மெக்டின் என்றால் 12 வாரம், மொக்சிடெக்டின் என்றால் 16 வாரம் கழியட்டும்.

குதிரை போட்டதைக் கண்ணால் கண்ட பிறகு, அல்லது தனியாகக் கட்டிய இடத்தில் காலையில் கிடக்கும் புதிய சாணியிலிருந்து எடுங்கள். பொலித்தீன் பையைக் கையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, குவியலின் மூன்று இடங்களிலிருந்து ஒவ்வொரு உருண்டை எடுத்து, பையைத் திருப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். குதிரையின் பெயரையும் திகதியையும் உடனே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் ஆறு பையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பைக்குள் காற்றும் சூடும் இருந்தால் முட்டை பொரித்துவிடும், எண்ணும்போது குறைவாகத் தெரியும். ஆகவே வெயிலில், வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும். உறைய வைக்கக் கூடாது.

இரண்டாம் படி: எண்ணுதல்

அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டால் சாணிப் பரிசோதனைக்கு எங்கே அனுப்பலாம் என்று சொல்வார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் இருப்பதும் மலையகத்தாருக்கு வசதி. கேட்கும்போது "பூச்சி இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கும் என்பது தெரிந்ததே. ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்ற எண்ணிக்கை வேண்டும் என்று கேளுங்கள்.

நாலைந்து குதிரைக்கு மேல் வைத்திருப்பவர் தாமே எண்ணப் பழகுவது நல்லது. வேண்டியவை ஒரு சாதாரண நுணுக்குக்காட்டி, மக்மாஸ்டர் எண்ணும் தட்டு, தேயிலை வடி, அளவுக் கோடு போட்ட குழாய், உப்பு. ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் 400 கிராம் உப்புப் போட்டுக் கலக்குங்கள். அடியில் கொஞ்சம் உப்புக் கரையாமல் மிஞ்ச வேண்டும், மிஞ்சாவிட்டால் இன்னும் போடுங்கள். ஆறியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரைசலில் முட்டை மிதக்கும், குப்பை அமிழும்.

குழாயில் 26 மில்லிலீற்றர் கரைசல் ஊற்றி, மட்டம் 30ஐத் தொடும்வரை சாணியைப் போட்டால் ஏறக்குறைய 4 கிராம் சாணி சேர்ந்துவிடும், தராசு தேவையில்லை. நன்றாகக் கலக்கி, வடிகட்டி, மறுபடி கலக்கிய உடனே உறிஞ்சித் தட்டின் இரண்டு அறைகளையும் காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்புங்கள். கலக்கிவிட்டு ஒரு நிமிடம் தாமதித்தாலும் முட்டை மேலே ஏறிவிடும், நீங்கள் உறிஞ்சுவது அடித் தண்ணீராகிவிடும். எண்ணிக்கை தாறுமாறாக வருவதற்கு இதுவே வழக்கமான காரணம். ஐந்து நிமிடம் விட்டு, குறைந்த உருப்பெருக்கத்தில், கோடுகளுக்குள் இருப்பதை மட்டும் எண்ணுங்கள். நீள்வட்டமாய், மெல்லிய ஓட்டோடு, உள்ளே உருண்டை உருண்டையாகக் கலங்கள் திரண்டிருப்பதே ஸ்ட்ரொங்கைல் முட்டை. உருண்டையாய், தடித்த கபில நிற ஓட்டோடு இருப்பது வட்டப்புழுவின் முட்டை, அது குட்டிகளில் வருவது, இந்தக் கணக்கில் சேராது. இரண்டு அறையிலும் எண்ணியதைக் கூட்டி 25ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான எண்ணிக்கை. அரைமணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு உப்புப் படிகம் கட்டி முட்டை சுருங்கத் தொடங்கும்.

பெரிய சிவப்புப் புழுவின் முட்டையும் சிறியதன் முட்டையும் பார்வைக்கு ஒன்றேதான். நுணுக்குக்காட்டியில் வேறுபடுத்த முடியாது. குடம்பி வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும், அது ஆய்வுகூட வேலை. இந்தக் குறையை மனதில் வைத்தே பின்னால் வரும் வருடாந்த மருந்து சொல்லப்படுகிறது.

மூன்றாம் படி: யாருக்குக் கொடுப்பது

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். வாவிக்கரையில் சேர்ந்து மேயும் ஆறு மட்டக்குதிரைகள். எண்ணிக்கை இப்படி வந்தது என்று வையுங்கள்: கிழட்டுக் குதிரை 0, இரண்டு பெண் குதிரைகள் 50, 100, சவாரி ஆண் குதிரை 150, நான்கு வயதுக் குதிரை 850, ஐந்து வயதுப் பெண் குதிரை 1,150.

வளர்ந்த குதிரைக்குப் பொதுவாக 200க்குக் கீழே குறைவு, 200 முதல் 500 வரை நடுத்தரம், 500க்கு மேல் அதிகம் என்று கொள்வார்கள். இந்த ஆறின் மொத்தம் 2,300. அதில் 2,000 கடைசி இரண்டினுடையது, அதாவது நூற்றுக்கு 87. இன்னொரு விதமாகப் பார்த்தால், ஒரு மட்டக்குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணி போடும். 1,150 உள்ள குதிரை அந்தத் தரையில் ஒரே நாளில் ஒரு கோடியே பதினைந்து இலட்சம் முட்டையைக் கொட்டுகிறது. 50 உள்ளது கொட்டுவது ஐந்து இலட்சம். இந்த இரண்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் தரைக்கு வரும் முட்டையில் பெரும்பகுதி நின்றுவிடும். மற்ற நான்கின் வயிற்றிலும் மருந்து படாத புழுக்கள் தொடர்ந்து முட்டையிடும். நமக்கு வேண்டியதும் அதுதான். அந்தக் கொஞ்ச முட்டை குதிரைக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் மருந்தின் ஆயுளை நீட்டும்.

எண்ணிக்கை அதிகம் என்றால் குதிரை நோயாளி என்று அர்த்தமில்லை, குறைவு என்றால் நலம் என்றும் இல்லை. அது தரையை யார் அசுத்தப்படுத்துகிறார்கள் என்பதை மட்டும் சொல்லும்.

நான்காம் படி: எடை, அளவு, வாய்

குறைவான அளவு கொடுப்பது எதிர்ப்பை வளர்க்கும் இன்னொரு வழி, ஓரளவு தாங்கும் புழுவும் தப்பிவிடும். கண் மதிப்பை நம்பாமல் அளவு நாடா எடுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை நீளம் ஒன்று, இரண்டும் சென்ரிமீற்றரில்.

எடை (கிலோ) = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880

சுற்றளவு 145, நீளம் 135 என்றால் எடை 239, அதாவது 240 கிலோ. ஐவர்மெக்டின் ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்பதால் 48 மில்லிகிராம் வேண்டும். 600 கிலோவுக்கான பசை ட்யூப் ஒன்றில் 120 மில்லிகிராம் உண்டு. "சின்னக் குதிரைதானே, ஒரு ட்யூப் மூணுக்குக் காணும்" என்று பங்கு வைத்தால் 720 கிலோவுக்கு 600 கிலோ மருந்து போகிறது. மூன்றிலும் குறை. கணக்கில் சந்தேகம் வந்தால் அடுத்த கோட்டுக்குக் கூட்டி வையுங்கள், குறைக்க வேண்டாம். மொக்சிடெக்டின் மட்டும் இதற்கு விலக்கு. அதில் கூடிய அளவு ஆபத்து, மிக மெலிந்த குதிரைக்கும் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும் அது கொடுக்கவே கூடாது.

கொடுக்கும்போது வாயில் புல் இருக்கக் கூடாது. ட்யூபின் வளையத்தை எடைக்கு நேராகத் திருகிப் பூட்டியபின், பல் இல்லாத இடைவெளி வழியாக நுழைத்து நாக்கின் அடிப்பகுதியில் விட்டு, விழுங்கும்வரை தலையை உயர்த்திப் பிடியுங்கள். துப்பியதைக் கண்டால் எவ்வளவு போயிற்றென்று ஊகிக்காமல் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

மாட்டுக்கு ஏற்றும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து மலிவு என்பதால் அதைக் குதிரைக்குப் போடச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். ஊசி போட்ட தசையில் கடும் கிருமித்தொற்று ஏற்பட்டுக் குதிரை செத்ததுண்டு. குதிரைக்கென்று வந்த ஐவர்மெக்டின் ஊசியே இந்தக் காரணத்தால் முன்பு சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது.

ஐந்தாம் படி: 14 நாள் கழித்துத் திரும்ப எண்ணுதல்

பலர் விட்டுவிடும் படி இதுதான். இது இல்லாமல் மேலே சொன்னதெல்லாம் அரைகுறை. மருந்து கொடுத்த நாளிலிருந்து பதினான்காம் நாள் அதே குதிரைகளின் சாணியை அதே முறையில் எண்ணுங்கள்.

நம் உதாரணத்தில் இரண்டுக்கும் பென்பெண்டசோல் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். 1,150 இருந்தது 400 ஆயிற்று, 850 இருந்தது 300 ஆயிற்று. 2,000இலிருந்து 700. குறைந்தது 1,300, அதாவது 65 சதவீதம். பார்க்க நல்ல இறக்கம் போலத் தெரியும், குதிரையும் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த மருந்து வேலை செய்யும் இடத்தில் 95 சதவீதத்துக்கு மேல் குறைய வேண்டும். 90க்குக் கீழே போனால் எதிர்ப்பு உண்டு என்று கொள்ள வேண்டும். பைரன்டெலுக்கு அந்தக் கீழ் எல்லை 85, ஐவர்மெக்டினுக்கும் மொக்சிடெக்டினுக்கும் 95. பின் சொன்ன இரண்டும் ஏறத்தாழ முழுதாக அகற்ற வேண்டியவை. 98க்குக் குறைந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு குதிரையை வைத்துச் சொல்லும் முடிவு பலவீனமானது, ஆறு இருந்தால் நல்லது. ஆனாலும் 65 என்பது எல்லையிலிருந்து மிகத் தள்ளி இருப்பதால், எடையும் விழுங்கியதும் சரிதானா என்று பார்த்துவிட்டு, அந்தத் தரையில் அந்த மருந்துக் குடும்பத்தைச் சிறு ஸ்ட்ரொங்கைலுக்குக் கைவிடுவது நியாயம். அடுத்து ஐவர்மெக்டின் கொடுத்து, 14ஆம் நாள் இரண்டிலும் 0 வந்தால் சரி. அத்தோடு நிறுத்தாமல் ஐந்தாம் வாரமும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஐவர்மெக்டின் புதிதாக வந்த காலத்தில் முட்டை திரும்பத் தென்பட 6 முதல் 8 வாரம் ஆகும். இப்போது பல நாடுகளில் 4, 5 வாரத்திலேயே தென்படுகிறது. எதிர்ப்பின் முதல் அறிகுறி அது. 14ஆம் நாள் எண்ணிக்கை இன்னும் 0ஆக இருக்கும்போதே இது தெரியத் தொடங்கும்.

சுவருக்குள் இருப்பவற்றுக்கு எப்போது மருந்து

ஆறு வயதுக்கு உட்பட்ட குதிரைகளில் கூடுதல் கவனம் வேண்டும். தூங்கிக்கொண்டிருக்கும் குடம்பிகள் பெரும் எண்ணிக்கையில் ஒரே நேரத்தில் சுவரைக் கிழித்து வெளிவந்தால், குடல் வீங்கிப் புரதம் ஒழுகத் தொடங்கும். திடீரென்று தண்ணீராய் வயிற்றோட்டம், சில நாட்களிலேயே மெலிவு, வயிற்றின் அடியிலும் கால்களிலும் நீர்கோத்த வீக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். சாணியில் அல்லது வைத்தியரின் கையுறையில் சிறு சிவப்பு இழைகள் அசைவதைக் காணலாம். அந்த நேரத்தில் முட்டை எண்ணிக்கை 0 ஆகவும் இருக்கும், ஏனென்றால் வெளிவருபவை இன்னும் முட்டையிடும் வயதை எட்டாதவை. வைத்தியம் செய்தும் பாதிக் குதிரை வரை இறக்கக்கூடிய நோய் இது. வீட்டில் மருந்து தேடாமல் அன்றைக்கே மிருக வைத்தியரை அழையுங்கள், கடைசியாக எந்த மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த விபரம் முக்கியம். குடலிலுள்ள வளர்ந்த புழுவை அகற்றியவுடன் சுவருக்குள் இருப்பவை இடம் காலியாகிவிட்டதென்று கிளம்புவதுண்டு. ஆகவே பூச்சி மருந்து கொடுத்த இரண்டு வாரத்துக்குள் வரும் வயிற்றோட்டத்தை "மருந்து வேலை செய்யுது" என்று விட்டுவிடக் கூடாது.

வயிற்றோட்டம் வராத வளர்ந்த குதிரைகளுக்கு வருடத்தில் ஒருமுறை எண்ணிக்கை பார்க்காமலே மருந்து கொடுப்பது இன்றும் ஏற்கப்படும் வழக்கம். பெரிய சிவப்புப் புழு திரும்பி வராமல் இருக்கவும், இளம் குதிரைகளில் சுவருக்குள் இருப்பவற்றைக் குறைக்கவும்தான் அது. மொக்சிடெக்டின் யாருக்கு, ஐவர்மெக்டின் போதுமானது யாருக்கு என்பதை வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள். ஆனால் மாதத்தைத் தெரிவு செய்வது உங்கள் கையில். ஏப்ரல் சீசனுக்கு முன், மார்ச்சில், எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். காய்ந்து கருகிய புல் ஒட்ட மேயப்பட்டுக் கிடக்கும் காலம் அது, தரையில் மருந்து படாத குடம்பி குறைவு. அப்போது எல்லா வயிற்றையும் துடைத்துவிட்டால், மழையோடு எழும்பும் புதுப் புல்லில் ஏறுவது தப்பிய புழுவின் வாரிசுகளாகவே இருக்கும். நல்ல மழைக்காலத்தில், தரை முழுக்கக் குடம்பி இருக்கும்போது கொடுப்பதுதான் புத்தி.

சாணியும் புல்லும்

கிழமைக்கு இரண்டு தடவை மேய்ச்சல் தரையிலிருந்து சாணி அள்ளினால், முட்டை குடம்பியாகிப் புல்லேறுவதற்கு முன் பெரும்பகுதியை அகற்றிவிடலாம். நம் குளிரில் வளர்ச்சி மெதுவாக நடப்பதால் இந்த இடைவெளி போதும். சாணியை வாருகோலால் தரையில் பரப்பி விடுவது வரண்ட வெப்ப நாட்டுப் பழக்கம். இங்கே அதைச் செய்தால் ஈரத்தோடு குடம்பியைத் தரையெங்கும் விதைப்பதாகும்.

அள்ளியதற்கு இங்கே தட்டுப்பாடில்லாத ஒரு வழி இருக்கிறது. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு போடும் மரக்கறித் தோட்டக்காரர்கள் குதிரைச் சாணியைப் பசளைக்குக் கேட்பார்கள். பச்சையாகக் கொடுக்காமல் குவித்து, மூடி, உள்ளே கைவைக்க முடியாத சூடு ஏறும்வரை விட்டு, ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி இரண்டொரு தடவை புரட்டுங்கள். சூடு ஏறிய பகுதியில் முட்டையும் குடம்பியும் சாகும், குளிர்ந்த ஓரத்தில் பிழைக்கும், அதனால்தான் புரட்ட வேண்டும். பச்சைச் சாணி போட்ட பாத்தியின் வரம்பில் அறுத்த புல்லை மட்டும் குதிரைக்குப் போட வேண்டாம்.

மாடு இருந்தால் குதிரை மேய்ந்த தரையில் மாட்டை விடலாம். சிறு ஸ்ட்ரொங்கைல் மாட்டில் வளராது, புல்லோடு போன குடம்பி அங்கேயே அழிந்துவிடும்.

புதிதாக வாங்கி வரும் குதிரையை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். முந்திய சொந்தக்காரரின் தரையில் வளர்ந்த எதிர்ப்புப் புழு அதோடு வந்து சேரலாம். தனியாகக் கட்டி, சாணி எண்ணி, மருந்து கொடுத்து, 14ஆம் நாள் மறுபடி எண்ணி 0 என்று கண்ட பிறகு சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டு வாரச் சாணியைத் தனியாகக் குவித்துச் சூடேற்றுங்கள். குட்டிகளுக்கும் மூன்று வயதுக்கு உட்பட்டவற்றுக்கும் மேலே சொன்ன 200 எல்லையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. அவற்றுக்கு வட்டப்புழுக் கணக்கும் சேர்வதால் மிருக வைத்தியர் தனியாக அட்டவணை எழுதித் தருவார்.

ஒரு கொப்பியில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, திகதி, எண்ணிக்கை, அளந்த எடை, மருந்தின் பெயர், 14ஆம் நாள் எண்ணிக்கை என்று எழுதி வையுங்கள். இரண்டு வருடம் எழுதினால் எந்தக் குதிரை எப்போதும் அதிகம் கொட்டுகிறது என்று தெரிந்துவிடும். குறைவாகவே கொட்டுபவற்றை அதன் பிறகு வருடத்தில் ஒருமுறை எண்ணினால் போதும்.